வாடகை எந்தப் புள்ளியில் நிற்கிறது?

கேள்வி: சார், மசாலா பாக்கெட் இயந்திரக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். இயந்திரம் இன்று ரூ.10,00,000. ஐந்து வருடங்களுக்கு ஒவ்வொரு வருட இறுதியிலும் வாடகை தவிர மற்ற செலவெல்லாம் போக ரூ.4,00,000 வருகிறது. கட்டட வாடகை வருடத்துக்கு ரூ.1,20,000, அதை வருடத் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும். விகிதம் 12%. கடைசியில் இயந்திரத்துக்கு மதிப்பில்லை, வரியும் இல்லை. வருடத்துக்கு 4,00,000 − 1,20,000 = 2,80,000 என்று எடுத்து எக்செல்லில் NPV போட்டேன், 8,337 வந்தது. விடைத்தாளில் −42,568 என்று இருக்கிறது. கூட்டல் கழித்தலைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

பதில்: கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. இன்னும் பத்து முறை பார்த்தாலும் அங்கே எதுவும் அகப்படாது. தொகைகள் சரி, விகிதம் சரி. அந்தத் தொகைகள் எந்த நாளில் கைமாறுகின்றன என்பதை இரண்டு இடங்களில் மாற்றி எழுதியிருக்கிறாய். ஒன்று எக்செல் செய்த வேலை. அதனால் உன் விடை சரியாக 1,000 ரூபாய் குறைந்திருக்கிறது, முடிவு மாறவில்லை. மற்றொன்று நீயே செய்தது. அதுதான் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய திட்டத்தை வேண்டும் என்று சொல்ல வைத்தது.

சிறியதை முதலில் பார்த்துவிடுவோம். நீ அனுப்பிய தாளில் B2 கட்டத்தில் −1000000, B3 முதல் B7 வரை 280000. கீழே இப்படிப் போட்டிருக்கிறாய்:

```
=NPV(12%,B2:B7)
```

இந்த ஃபார்முலாவுக்கு இன்று என்று ஒரு நாளே கிடையாது. நீ கொடுக்கும் முதல் தொகை இன்றிலிருந்து ஒரு வருடம் கழித்து நடப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்று எழுதிக் கொடுக்கும் 10,00,000 ரூபாய்க் காசோலையை அடுத்த வருடம் எழுதியதாகக் கருதி, 1.12-ஆல் வகுத்து 8,92,857 ஆக்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து வரும் முதல் 2,80,000 இரண்டு வருடம் தள்ளிப் போய்விட்டது. கடைசித் தொகை ஆறாவது வருட முடிவுக்கு ஓடிவிட்டது. வரிசை முழுவதும் ஒரே அளவு நகர்ந்ததால், மொத்த விடையும் 1.12-ஆல் வகுபட்டிருக்கிறது. நீ போட்ட தொகைகளை வைத்தே பார்த்தாலும் வர வேண்டியது 9,337. அதை 1.12-ஆல் வகுத்தால் உன் 8,337. இரண்டுக்கும் நடுவே முழுசாக ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவது தற்செயல்தான்; தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் தேடாதே.

சரியாக எழுத வேண்டியது இப்படி:

```
=B2+NPV(12%,B3:B7)
```

இன்றைய தொகை வெளியே, தொடாமல். ஒரு வருடம் கழித்து வருவதிலிருந்து உள்ளே.

இந்தத் தப்பு இவ்வளவு பரவலாக இருந்தும் பலர் கண்ணில் படாமல் தப்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே எண்ணால் வகுப்பதால் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறாது. திட்டம் லாபமென்றால் லாபமாகவே தெரியும். நாலு திட்டங்களை இதே தப்பான வழியில் போட்டாலும் அவற்றின் வரிசை மாறாது. வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்புகளும் இதைக் கண்டுபிடிக்காது. விகிதத்தை 0% ஆக்கிப் பார்ப்பார்கள். அப்போது எந்தத் தொகை எந்த வருடத்தில் இருந்தாலும் மொத்தம் ஒன்றுதான், எனவே கூட்டல் பிழை தெரியும், காலப் பிழை தெரியாது. `IRR` கண்டுபிடித்து அந்த விகிதத்தை `NPV`-க்குள் போட்டு பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பார்கள். `IRR` முதல் தொகையை இன்றையதாகத்தான் எடுத்துக்கொள்கிறது, அது சரியாகவே இருக்கும். ஆனால் பூஜ்யத்தை எந்த எண்ணால் வகுத்தாலும் பூஜ்யம்தான். தப்பான ஃபார்முலாவும் பரீட்சையில் தேறிவிடும்.

இதைப் பிடிக்க எளிய வழி, வருடத் தொகைகளை எல்லாம் 0 ஆக்கிவிட்டு இன்றைய செலவை மட்டும் விட்டுவைப்பது. இன்று கொடுக்கும் பத்து லட்சத்தின் இன்றைய மதிப்பு பத்து லட்சம்தான். தாள் −8,92,857 என்று காட்டினால் வரிசை நகர்ந்திருக்கிறது. விடைத்தாள் கையில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: அவர்கள் விடையை உன் விடையால் வகுத்துப் பார். மிகச் சரியாக 1.12 வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். உனக்கு அப்படி வராமல் போனதற்குக் காரணம், இதன் மேல் இரண்டாவது தப்பும் ஏறி உட்கார்ந்திருப்பதுதான்.

குறி மாறாது, வரிசையும் மாறாது என்றால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். ஒரு திட்டத்தை எக்செல்லில் இப்படிப் போட்டு, இன்னொன்றைக் கையால் அட்டவணை வைத்துப் போட்டால் கெட்டுப்போகும். உண்மையில் 50,000 தரும் திட்டம் தாளில் 44,643 என்று நிற்கும். பக்கத்தில் கையால் போட்ட 46,000 அதை முந்திவிடும். அலுவலகத்தில் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவரும்போது இது நடக்கக்கூடியதுதான்.

இதே ஃபார்முலாவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உன் தாளில் இப்போது இல்லை, ஆனால் அடுத்த பயிற்சியில் வரும். ஏதாவது ஒரு வருடத்தில் வரவு இல்லை என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், `NPV` அந்த வருடத்தையே மறந்துவிடும். மூன்றாம் வருடக் கட்டம் காலியாக இருந்தால் நாலாம் வருடத் தொகையை மூன்றாம் வருடத்தினதாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் ஒரு வருடம் முன்னால் வந்துவிடும். இப்போது சொன்னதற்கு நேர் எதிரான நகர்வு இது, விடையைப் பெருக்கிக் காட்டும். வரவு இல்லையென்றால் 0 என்று எழுது. ஒரு கோடு போட்டு வைத்தாலும் அதை எழுத்தென்று தள்ளிவிட்டு இதையேதான் செய்யும்.

இனி வாடகைக்கு வருவோம். கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நீ 4,00,000-இலிருந்து 1,20,000-ஐக் கழித்து, வருடத்துக்கு 2,80,000 என்று ஒரே எண்ணாகச் செய்தாய். லாப நட்டக் கணக்கு எழுதுகிறவன் அதைத்தான் செய்வான். அவன் செய்தால் சரியும்கூட. முதல் வருட விற்பனையும் முதல் வருட வாடகையும் ஒரே வருடத்துக்கு உரியவை. பணம் ஏப்ரலில் போனதா மார்ச்சில் போனதா என்பது அவனுக்குப் பொருட்டல்ல. முன்கூட்டிக் கட்டிய வாடகையாக இருந்தாலும் அது எந்த வருடத்துக்கு உரியதோ அந்த வருடத்தின் செலவில்தான் சேர்ப்பான். நீ இரண்டு வருடம் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்திருப்பதால் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. நிகழ்கால மதிப்புக் கணக்கு எந்த வருடத்துக்கு உரிய செலவு என்று கேட்பதே இல்லை. பணம் எந்த நாளில் கையை விட்டுப் போனது என்று மட்டும்தான் கேட்கும்.

ஒரு கோடு போட்டு அதில் 0, 1, 2, 3, 4, 5 என்று ஆறு புள்ளிகள் வை. வருடம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளம். முதல் வருடம் 0-க்கும் 1-க்கும் நடுவே, ஐந்தாம் வருடம் 4-க்கும் 5-க்கும் நடுவே. பணம் நீளத்தின் மேல் நிற்காது, புள்ளியில்தான் நிற்கும். முதல் வருடத்தின் முடிவும் இரண்டாம் வருடத்தின் தொடக்கமும் ஒரே புள்ளி: 1. தள்ளுபடிக் காரணியில் 1.12-இன் மேலே அடுக்காகப் போடும் எண் அந்தப் புள்ளியின் எண், அதாவது இன்றிலிருந்து எத்தனை வருடத் தூரம் என்பது. வருடத்தின் பெயரில் உள்ள எண் அல்ல. ஐந்தாம் வருட வாடகையின் அடுக்கு 5 இல்லை, 4. முதல் வருட வாடகையின் அடுக்கு 0. அது இயந்திரத்தின் விலையோடு இன்றே கட்ட வேண்டிய பணம், அதைக் குறைக்க ஒன்றுமில்லை.

கேள்வியில் "தொடக்கத்தில்", "இறுதியில்" என்று வரும் சொல்லைப் பார்த்ததும் பக்கத்தில் பென்சிலால் புள்ளியின் எண்ணை எழுதிவிடு. வரவு: 1, 2, 3, 4, 5. வாடகை: 0, 1, 2, 3, 4. இயந்திரம்: 0. இதை எழுதிய பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்திருப்பதைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்பு கூட்டக் கூடாது.

| புள்ளி | நிகரத் தொகை (ரூ.) | காரணி 12% | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 0 | −11,20,000 | 1.0000 | −11,20,000 |
| 1 | 2,80,000 | 0.8929 | 2,50,012 |
| 2 | 2,80,000 | 0.7972 | 2,23,216 |
| 3 | 2,80,000 | 0.7118 | 1,99,304 |
| 4 | 2,80,000 | 0.6355 | 1,77,940 |
| 5 | 4,00,000 | 0.5674 | 2,26,960 |

கூட்டினால் −42,568. விடைத்தாளில் உள்ளது. எக்செல்லில் இதே வரிசையைப் போட்டால் −42,571 வரும். அந்த மூன்று ரூபாய், அட்டவணைக் காரணிகளை நாலு தசமத்தோடு நிறுத்தியதால் வருவது. ஐந்து பத்து ரூபாய் வித்தியாசத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம். காலப் பிழை அவ்வளவு சிறியதாக வருவது அபூர்வம்.

அட்டவணையை உன் வரிசையோடு ஒப்பிட்டுப் பார். 1 முதல் 4 வரை உள்ள நாலு வரிகளும் நீ போட்டவையேதான், 2,80,000. வேறுபாடு இரண்டு முனைகளில் மட்டும். 0-இல் 1,20,000 கூடுதலாகப் போகிறது. 5-இல் 1,20,000 போகாமல் நிற்கிறது. அதாவது, ஐந்து வாடகைகளையும் ஒவ்வொரு வருடம் முன்னால் நகர்த்துவதும், 5-ஆம் புள்ளியில் இருந்த ஒரே ஒரு வாடகையை எடுத்து 0-இல் வைப்பதும் ஒன்றுதான். நடுவில் உள்ளவை ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதால் எதுவும் மாறுவதில்லை.

இதைப் புரிந்துகொண்டால் வித்தியாசத்தை ஒரே வரியில் போட்டுவிடலாம். 5-இல் இருந்தால் ஒரு ரூபாயின் சுமை 0.5674, 0-இல் இருந்தால் 1. வேறுபாடு 0.4326. அதை 1,20,000-ஆல் பெருக்கினால் சுமார் 51,900. எக்செல் பிழையைத் திருத்திய பிறகு உனக்கு வரும் 9,337-இலிருந்து இதைக் கழித்துப் பார், −42,571-க்கு வந்து நிற்கும். உன் விடைக்கும் விடைத்தாளுக்கும் நடுவே கணக்கில் வராத ரூபாய் ஒன்றுகூட இல்லை.

அட்டவணை போட நேரமில்லாத தேர்வில் குறுக்கு வழி உண்டு. ஐந்து வருட இறுதித் தொகைகளின் கூட்டுக் காரணி 3.6048. தொடக்கத்தில் கட்டும் ஐந்து தவணைகளுக்கு, நாலு வருடக் காரணியான 3.0373-உடன் 1-ஐக் கூட்டி 4.0373 என்று எடுக்கலாம், அல்லது 3.6048-ஐ 1.12-ஆல் பெருக்கலாம், அதே எண்தான் வரும். வரவு 4,00,000-க்கு 3.6048, வாடகை 1,20,000-க்கு 4.0373, இயந்திரத்துக்கு 1. மூன்றே பெருக்கல். அட்டவணைகளில் எப்போதும் இறுதித் தொகைக்கான காரணிதான் அச்சாகியிருக்கும் என்பதால், தொடக்கத் தொகை வந்தால் நீதான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதே 1.12-ஐக் கடைசி விடையின் மேல் பெருக்கிவிடாதே. நகர வேண்டியது வாடகை மட்டும்.

வாடகை முன்னால் போகிறது என்று சொன்னவுடன் வரவையும் சேர்த்து முன்னால் இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. முதல் வருட வரவு என்றால் முதல் வரி, முதல் வரி என்றால் 0 என்று ஒரு தடம். அப்படிச் செய்தால் இந்தக் கணக்கின் விடை +1,30,458 ஆகிவிடும். இயந்திரத்தை வாங்கிய நிமிடத்திலேயே வருடம் முழுவதற்குமான நாலு லட்சம் கையில் இருப்பதாகச் சொல்கிற விடை அது. இவ்வளவு நல்ல எண் வரும்போது, 0-ஆம் புள்ளியில் வரவு ஏதாவது ஏறி நிற்கிறதா என்று முதலில் பார்.

திட்டத்தின் சொந்த விகிதத்தை வைத்துப் பார்த்தாலும் இரண்டு வரிசைகளின் தூரம் தெரியும். உன் வரிசையின் `IRR` சுமார் 12.4%, சரியான வரிசையினது சுமார் 10.5%. 12% தர வேண்டிய இடத்தில் ஒன்று சற்று மேலே, மற்றது நன்றாகவே கீழே. வாடகை வருடத் தொடக்கத்தில் என்ற ஒரு சொல் இவ்வளவு செய்கிறது. ஏனென்றால் இன்று போட வேண்டிய பணம் பத்து லட்சம் அல்ல, பதினொரு லட்சத்து இருபதாயிரம்.

உன் கேள்விக்கு இது போதும். ஆனால் நீ அடுத்ததாகக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: மசாலா வியாபாரத்தில் வருடக் கடைசி நாளில் மட்டுமா பணம் வரும்? வராது. வாரா வாரம் வரும். வருட இறுதி என்பது கணக்கு எளிதாக இருக்க வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். தேர்வில் கேள்வி "இறுதியில்" என்று சொன்னால் இறுதிதான், வாதாடாதே. ஒன்றும் சொல்லாவிட்டாலும் இறுதி என்றே எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்துக்கொண்டதாக ஒரு வரி எழுதிவிடு.

உண்மையான தொழிலுக்குக் கணக்குப் போடும்போது, வருடம் முழுவதும் பரவலாக வரும் பணத்தை அந்த வருடத்தின் நடுப்புள்ளியில் வருவதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. முதல் வருட வரவு 0.5-இல், இரண்டாம் வருடத்தினது 1.5-இல், இப்படி. எல்லா வரவும் அரை வருடம் முன்னால் வருவதால் அவற்றின் மதிப்பை 1.12-இன் வர்க்கமூலமான 1.0583-ஆல் பெருக்கினால் போதும். வரவுகளின் மதிப்பு 14,41,910-இலிருந்து 15,25,975 ஆகிறது. வாடகையும் இயந்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். விடை +41,493.

குறி மறுபடி மாறிவிட்டதைக் கவனி. ஒரு ரூபாய்கூட மாறவில்லை, விகிதம் மாறவில்லை, வரவு நிற்கும் இடத்தை ஆறு மாதம் நகர்த்தியதும் நாற்பத்திரண்டாயிரம் குறைவு நாற்பத்தோராயிரம் அதிகமாகிவிட்டது. இவ்வளவு விளிம்பில் நிற்கும் திட்டத்துக்கு, எந்த வழக்கத்தில் போட்டோம் என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் கொடுப்பது நேர்மையான வேலை அல்ல.

நடுப்புள்ளி நல்ல விடை தருகிறது என்பதற்காக அதைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. சரக்கு விற்கும் நாள் வேறு, பணம் வரும் நாள் வேறு. மசாலாவை மொத்த வியாபாரிகளுக்குக் கடனுக்குக் கொடுத்து, அவர்கள் மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள். எல்லா வரவும் கால் வருடம் பின்னால் போகும், 15,25,975-ஐ 1.12-இன் நாலாம் மூலமான 1.0287-ஆல் வகுக்க வேண்டும். விடை −1,135 பக்கத்தில் வந்து நிற்கும். நடுப்புள்ளி கொடுத்த லாபம் மூன்று மாதக் கடனில் கரைந்துவிட்டது. இதுவும் திட்டத்துக்குச் சாதகமாகப் போட்ட கணக்குதான். 4,00,000 என்பது மிளகாய், மல்லி, கூலி எல்லாம் போன பிறகு நிற்கும் தொகை. மிளகாய் மண்டிக்கும் கூலிக்கும் உடனே பணம் கொடுத்துவிட்டு, விற்பனைப் பணத்துக்கு மட்டும் மூன்று மாதம் காத்திருப்பதென்றால், தாமதமாவது அந்த நாலு லட்சம் அல்ல, அதைவிடப் பெரிய முழு விற்பனைத் தொகை. அடி இன்னும் பலமாக இருக்கும். அதனால்தான் ஒரு தொழிலின் திட்டத்தை எடை போடும்போது வரவையும் செலவையும் கழித்து நிகரமாக்குவதை முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்கிறேன். நிகரமாக்கிய பிறகு எந்தத் துண்டு எந்த நாளுக்கு உரியது என்று பிரித்தெடுக்க முடியாது.

இப்படி ஒழுங்கற்ற நாட்கள் வந்துவிட்டால் வருடப் புள்ளிகளோடு மல்லுக்கட்டாமல் நாட்களையே எழுதிவிடலாம். A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை:

```
=XNPV(12%,B2:B12,A2:A12)
```

இங்கே ஒரு எச்சரிக்கை. `XNPV` தன் முதல் தேதியைத்தான் இன்று என்று எடுத்துக்கொள்ளும். முதல் தொகையைக் குறைக்காது. `NPV`-க்கு நேர் எதிர் பழக்கம். மேலே சொன்ன திருத்தத்தை மனப்பாடம் செய்துகொண்டு இதிலும் B2-ஐ வெளியே எடுத்துவிட்டு B3-இலிருந்து உள்ளே கொடுத்தால், முதல் வரவின் தேதியே இன்று ஆகிவிடும். எல்லா வரவும் அந்த அளவுக்கு முன்னால் வந்துவிடும். ஒரு நாள் `NPV`, மறுநாள் `XNPV` என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். `XNPV`-இன் இந்தத் தப்பை முன்னே சொன்ன பத்து லட்சம் சோதனை பிடிக்காது. எதில் போட்டாலும் ஒரு வருடம் கழித்து வரும் முதல் வரவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் 0 ஆக்கிப் பார், விடை அந்த வரவை 1.12-ஆல் வகுத்த அளவில் நிற்க வேண்டும்; இரண்டுக்கும் இது பொருந்தும். `XNPV` வருடத்தை 365 நாள் என்று வைத்து எண்ணுவதால், இடையில் லீப் வருடம் வந்தால் விடை கொஞ்சம் நகரும். அதைத் துரத்த வேண்டாம்.

நாளை வருவதற்கு முன் இதே கணக்கில் ஒன்றைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. கட்டடக்காரர் வாடகையோடு ரூ.1,00,000 அட்வான்ஸ் கேட்கிறார். வட்டி இல்லை, ஐந்தாம் வருட முடிவில் காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பித் தருவார். லாப நட்டக் கணக்கில் இது செலவே இல்லை, ஒரு வரியும் வராது. அட்டவணையில் எந்தப் புள்ளிகளில் எழுத வேண்டும் என்று முதலில் பென்சிலால் குறித்துக்கொள். நாலு தசமக் காரணிகளில் விடை −85,828 வர வேண்டும். அது வந்த பிறகு எக்செல்லிலும் போட்டு, இரண்டு தாளையும் கொண்டுவா.